கல்லாவை விட்டு எழுவதற்கு முன்: மளிகைக் கடைத் தம்பதிக்கான விடைபெறும் வழிகாட்டி

கணவனும் மனைவியுமாகப் பல ஆண்டுகள் நடத்திய கடை பிள்ளை கைக்கு மாறும்போது, பெரும்பாலான இடங்களில் யாரும் விடைபெறுவதே இல்லை. ஒரு நாள் காலையில் கல்லாவில் மகன் உட்கார்ந்திருப்பார். கேட்பவர்களுக்கு "அப்பாவுக்கு முடியல, இனிமே நான்தான்" என்று பதில் வரும். அம்மா எங்கே என்று கேட்டால் வீட்டில் இருக்கிறார் என்பார்கள், அத்தோடு முடிந்தது. அடுத்த ஆறு மாதத்தில் பழைய பாக்கிகள் வராமல் நிற்கும், மூத்த வேலையாள் ஒருவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார், "பெரியவர் இருந்தப்ப இப்படி இல்ல" என்ற பேச்சு கிளம்பும். திறமை இல்லாததால் இது நடப்பதில்லை. யாருடைய கணக்கு எங்கே நிற்கிறது என்று யாரும் யாருக்கும் சொல்லாமல் போனதால் நடக்கிறது.

கடலூர்ப் பக்கத்துக் கடைகளுக்குக் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன் என்பதால், இந்தக் கைமாற்றத்தைக் காகிதத்தின் வழியாகவும் கல்லாவின் பக்கத்தில் நின்றும் பார்த்திருக்கிறேன். முதல் முறையாக இதைச் செய்யப் போகிற பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன். விளக்க வசதிக்காக ஒரு கடையை வைத்துக்கொள்வோம். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை. வேலையாட்கள் ஏழு பேர். பற்று வைத்து வாங்கும் குடும்பங்கள் அறுபது. அதில் பதினைந்து, தேவனாம்பட்டினம், சோனங்குப்பம் பக்கத்து மீனவக் குடும்பங்கள். கடை முதலாளி பெயரில், தனி உரிமையாளர் கணக்கில் நடக்கிறது. எடுத்து நடத்தப் போவது மகனும் மருமகளும்.

முதலில் உங்கள் இருவரில் யார் எதைப் பிடித்திருந்தீர்கள் என்று பாருங்கள்

தைப் பொங்கல் வியாபாரம் ஓய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நால்வரும் உட்காருங்கள். இரண்டு தாள் எடுத்து, ஒன்றில் கணவர் பார்த்த வேலைகளையும் மற்றதில் மனைவி பார்த்த வேலைகளையும் எழுதுங்கள். கணவர் தாளில் அரிசி மண்டி, எண்ணெய் ஏஜென்ட், வங்கி, கட்டட உரிமையாளர், வரி என்று வரும். மனைவி தாளைத் தொடங்கும்போது, "நான் என்ன செஞ்சேன், சும்மா கூட இருந்தேன்" என்று அவரே சொல்வார். விடாதீர்கள். பற்று நோட்டு யாரிடம் இருந்தது? எந்த வீட்டில் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று யாருக்குத் தெரியும்? பொட்டலம் மடிக்கும் பெண் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணத்துக்கு முன்பணம் கேட்டபோது யாரிடம் கேட்டாள்? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால், சரக்கும் கடனும் கணவர் கையிலும், ஆட்களும் நம்பிக்கையும் மனைவி கையிலும் இருந்தது தெரியவரும்.

விடைபெறுவது இருவரும் சேர்ந்து செய்ய வேண்டியதாக இருப்பதற்கு இதுதான் காரணம். கணவர் மட்டும் பேசி, மனைவி மேடை ஓரத்தில் தட்டு ஏந்தி நின்றால், கடையில் பாதி கைமாறவே இல்லை என்று பொருள். அவர் பிடித்திருந்ததை அவரே வாய்திறந்து, பெயர் சொல்லி, இன்னார் கையில் கொடுக்க வேண்டும்.

அதே உட்காரலில் இன்னொன்றையும் முடிவு செய்யுங்கள். எதெல்லாம் அப்படியே இருக்கும், எது மாறும் என்று மகனிடமும் மருமகளிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "எதுவும் மாறாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வரும் அப்பாக்கள், மகனைப் பெரிய சிக்கலில் விட்டுவிடுகிறார்கள். அடுத்த மாதம் அவர் பற்றுக்கு ஒரு வரம்பு வைத்தாலும், ஞாயிறு மதியம் கடையை அடைத்தாலும், அப்பா சொல்லைத் தட்டியவர் ஆகிவிடுவார். மாறாதவை மூன்று, மாறுவது ஒன்று என்று குறிப்பிட்டுச் சொல்வது இருவருக்கும் நல்லது. நம் எடுத்துக்காட்டுக் கடையில் பற்று தொடரும், மாதச் சாமான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது தொடரும், ஆட்கள் தொடர்வார்கள். மாறுவது, பற்று இனி நோட்டோடு பில்லிலும் ஏறும்.

தேதி

ஏப்ரல் 1 அன்று காகிதத்தில் கைமாற்றமும், ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள் விடைபெறும் மாலையும் என்று வைத்துக்கொள்வது இந்த ஊர்க் கடைகளுக்குப் பொருந்தும். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால் அப்பாவின் கணக்கும் மகனின் கணக்கும் ஒரே ஆண்டுக்குள் கலக்காது. மாதச் சம்பளக்காரர்கள் ஒன்றிலிருந்து பத்தாம் தேதிக்குள் பாக்கி கொடுத்துவிடுவார்கள், ஆகவே பதினாலாம் தேதி நோட்டு ஏறக்குறையச் சுத்தமாக இருக்கும். சித்திரைப் பிறப்பன்று புதுக்கணக்கு போடுவது கடைக்காரர்களுக்கு வழக்கம்தான், தனியாக நல்ல நாள் பார்க்கவும் வேண்டாம்.

ஆனால் இதில் ஒரு கூர்மையான விஷயம் இருக்கிறது, கடற்கரையை ஒட்டிய கடைகள் கவனிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். அதாவது நீங்கள் விடைபெறும் நாளுக்கு மறுநாள், பதினைந்து குடும்பங்களுக்குக் கையில் காசு வராத இரண்டு மாதம் தொடங்குகிறது. அந்த வீட்டுப் பெண்கள் உங்கள் மாலைக்கு வந்து நிற்பது, தடைக்காலத்துப் பற்று உண்டா இல்லையா என்ற ஒரே கேள்வியோடுதான். இதற்குப் பதில் இல்லாமல் நீங்கள் பேசும் மற்ற எதுவும் அவர்கள் காதில் ஏறாது. இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

வேலையாட்களுக்கு முதலில்

மாசி மகக் கூட்டம் முடிந்து கடை கொஞ்சம் ஆசுவாசமான பிறகு, ஒரு நாள் இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஏழு பேரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். மிக மூத்தவருக்கு மட்டும் அன்று காலையிலேயே தனியாகச் சொல்வது மரியாதை. அதற்கு மேல் இடைவெளி வேண்டாம். மண்டியில் சொல்லி, அங்கிருந்து மூட்டை இறக்க வருகிறவர் மூலம் உங்கள் ஆட்களுக்குத் தெரிந்தால், இத்தனை வருஷம் இருந்தும் நம்மிடம் சொல்லவில்லையே என்ற வலி எளிதில் ஆறாது.

அந்த இரவு நன்றியை நீட்டாதீர்கள். அவர்களுக்கு வேலை இருக்குமா, சம்பளம் யார் கொடுப்பார், இத்தனை வருஷச் சர்வீஸ் என்ன ஆகும், வாங்கிய முன்பணம் என்ன ஆகும் என்ற நான்கும் தெரிய வேண்டும். முதல் இரண்டுக்கும் மகன் பதில் சொல்லட்டும். மற்ற இரண்டுக்கும் நீங்கள்.

சர்வீஸைப் பற்றி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்குப் பணிக்கொடை சட்டப்படி கட்டாயம். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்து விலகுபவருக்கு, கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 22 ஆண்டு வேலை பார்த்து, இப்போது 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் மூத்தவருக்கு இது ஏறக்குறைய 1,90,000 ரூபாய். ஏழு பேர் உள்ள நம் கடையைச் சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள் என்பேன். ஒருவர் உங்களுக்குக் கொடுத்த காலத்துக்கு நீங்கள் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய அளவுகோல் அது.

இதை முடிக்க இரண்டு வழி. ஒன்று, ஏப்ரல் 1 வரைக்குமான தொகையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, மகனிடம் புதிதாகச் சேர்ந்ததாகத் தொடங்குவது. மற்றது, வேலை இடைவெளியில்லாமல் தொடர்கிறது, பழைய ஆண்டுகளும் சேர்த்தே பின்னால் கணக்கிடப்படும் என்று மகன் எழுத்தில் கொடுப்பது. நான் இரண்டாவதைத்தான் பெரும்பாலும் சொல்வேன். ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் புது முதலாளியின் கையில் சரக்கு வாங்கக் காசு இருக்காது. ஆனால் எழுத்து கட்டாயம் வேண்டும். ஒரு பக்கம் போதும்: பெயர், சேர்ந்த மாதம் ஆண்டு, இப்போதைய சம்பளம், "மேற்படி பணிக்காலம் முழுவதையும் ஏற்றுக்கொள்கிறேன்" என்ற வரி, மகன் கையெழுத்து, சாட்சியாகப் பெற்றோர் இருவர் கையெழுத்து. ஓய்வு பெறும் வயதில் இருப்பவர் ஒருவர் "நானும் உங்களோடயே நிறுத்திக்கிறேன்" என்றால் அவருக்கு மட்டும் முதல் வழி.

முன்பணத்தைத் தள்ளுபடி செய்ய நினைத்தால் அதை இந்த வாரத்திலேயே, ஒவ்வொருவராக, தனியாகச் செய்யுங்கள். விழா மாலையில் மைக்கில் அறிவித்தால், கேட்டு வாங்காமல் இருந்தவருக்கு எதுவும் கிடைக்காமல் போகும், வாங்கியவருக்கோ கடன் ஊருக்குத் தெரிந்துபோகும். இரண்டு பேர் மனமும் நோகும்.

கடைசியாக, வாடிக்கையாளர் கேட்டால் சொல்ல ஒரு வரியை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். "ஆமாங்க, சித்திரையிலேர்ந்து சின்னவரும் அண்ணியும் பாக்குறாங்க. நாங்க எல்லாம் இங்கதான் இருக்கோம்." ஏழு பேரும் இதையே சொன்னால் வதந்திக்கு வேலை இல்லை.

சரக்குக் கொடுப்பவர்களும் காகிதங்களும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். ஆனால் விடைபெறுவதைத் தொடும் சில விஷயங்கள் உண்டு.

தனி உரிமையாளர் கடையில் ஜி.எஸ்.டி. எண் அப்பாவின் பான் எண்ணோடு ஒட்டியது. அதை மகன் பெயருக்கு மாற்ற முடியாது. மகன் தன் பான் எண்ணில் புதிதாகப் பதிய வேண்டும். கடைப் பெயர் அதுவாகவே இருக்கலாம். அப்பாவின் கணக்கில் பயன்படுத்தாத உள்ளீட்டு வரி மிச்சம் இருந்தால் ITC-02 படிவத்தில், ஆடிட்டர் சான்றோடு, மகனுக்கு மாற்றலாம். அதை மகன் தளத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். இது முடிந்த பிறகே பழைய எண்ணை ரத்து செய்ய விண்ணப்பியுங்கள். அவசரப்பட்டு முதலில் ரத்து செய்துவிட்டால் அந்த வரி மிச்சம் கைக்கு வராமல் போகும். ரத்தான பின் மூன்று மாதத்துக்குள் GSTR-10 என்ற இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம், மாநகராட்சி வணிக உரிமம், தராசு முத்திரைச் சான்று, கட்டட வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றையும் புதுப் பெயரில் எடுக்க மார்ச் மாதமே தொடங்குங்கள்.

மண்டிக்காரரிடம் அப்பாவும் மகனும் சேர்ந்து நேரில் போங்கள். அங்கே கேட்கப்போவதும் ஒரே கேள்விதான்: "பழைய பாக்கிக்கு யாரு பொறுப்பு?" பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பின்தேதியிட்டுக் கொடுத்த காசோலைகள் இருந்தால் ஒவ்வொன்றையும் திரும்ப வாங்கி, மகன் காசோலையைக் கொடுங்கள், அல்லது அது கடக்கும்வரை பழைய நடப்புக் கணக்கை மூடாமல் பணம் வைத்திருங்கள். மூடிய கணக்கின் காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் வழக்கு வரலாம். ஓய்வு பெற்ற மனிதர் நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

தொலைபேசி எண்ணைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மாதச் சாமான் பட்டியல் வாட்ஸ்அப்பில் வருவது அம்மாவின் எண்ணுக்குத்தான். அந்த எண் கடையோடு இருக்க வேண்டும், அறுபது வீட்டுக்கும் அது மனப்பாடம். அம்மா வேறு எண் வாங்கி, தன் ஆதார், வங்கிக் கணக்கு, சமையல் எரிவாயு எல்லாவற்றையும் அதற்கு மாற்றிய பிறகு பழைய சிம்மை மருமகளிடம் கொடுக்கட்டும். மாற்றாமல் கொடுத்தால், அம்மாவின் ஓ.டி.பி. எல்லாம் கடைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கியூ.ஆர். அட்டையையும் ஏப்ரல் 1 காலையில் மாற்றுங்கள். கல்லாவில் இருப்பது, கதவில் ஒட்டியது, சாமான் கொண்டுபோகும் பையனின் போனில் படமாக இருப்பது, வாட்ஸ்அப்பில் முன்பு அனுப்பியது என்று நான்கு இடத்தில் இருக்கும். வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே பழைய படத்துக்குப் பணம் போட்டுக்கொண்டிருந்தால், அப்பா கணக்கில் வரவு ஏறும், மகன் நோட்டில் பாக்கி நிற்கும். "நான்தான் கட்டிட்டேனே" என்ற முதல் சண்டை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

பற்று நோட்டு

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். செய்ய வேண்டியவர் அம்மா, பக்கத்தில் மருமகள்.

மார்ச் மாதம் முழுக்க, பற்றுக் குடும்பத்தில் யார் கடைக்கு வந்தாலும் நோட்டைத் திறந்து, அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படித்து, பாக்கியைச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் தேதி போட்டு அவர் கையெழுத்து, கீழே அம்மா கையெழுத்து, அதற்குக் கீழே மருமகள் கையெழுத்து. ஒத்துக்கொள்ளாவிட்டால் அன்றே பேசித் தீர்த்துவிடுங்கள். அம்மாவுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் நோட்டில் இருக்காது. "போன தடவை மஞ்சள் மூட்டை கணக்குல ஐந்நூறு கழிச்சுக்கோன்னு சொன்னேனே" என்பார் ஒருவர். அம்மா இருக்கும்போது அது இரண்டு நிமிடப் பேச்சு. அம்மா இல்லாத கடையில் அதுவே மனக்கசப்பு.

பழைய பாக்கி யாருக்குச் சேரும் என்பதை வீட்டுக்குள் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். பெற்றோருக்கு என்றால், வசூல் செய்வது யார், எந்தக் கணக்கில் போடுவது என்று சொல்ல வேண்டும். மகனுக்கு என்றால், "எல்லாப் பாக்கியும் இனி கடைக்கே" என்று ஒரே வரியில் முடியும். வாடிக்கையாளருக்குக் குழப்பமில்லாதது இரண்டாவதுதான். தேறாத பாக்கிகளைத் தனியே பிரித்து, அவற்றைப் பெற்றோரே மறந்துவிடுவது நல்லது. பத்து வருஷப் பாக்கியை வசூல் செய்யும் வேலையோடு ஒரு மருமகள் கல்லாவில் உட்காரக் கூடாது.

இப்போது தடைக்காலம். பதினைந்து வீட்டுக்கும் போன வருஷம் எவ்வளவு பற்று போனது, எப்போது திரும்பி வந்தது என்று நோட்டில் பாருங்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்தில் 12,000 ரூபாய் என்று வைத்தால் பதினைந்துக்கு 1,80,000 ரூபாய். இந்தப் பணம் ஏப்ரல் பாதியிலிருந்து அலமாரியிலிருந்து வெளியே போய்விடும், ஜூன் பாதிக்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். அப்பாவிடம் பல வருஷத்துக் கைச்சேமிப்பு இருந்தது, மண்டியிலும் தவணை கொடுத்தார்கள். மகனுக்கு முதல் வருஷம் இரண்டும் இருக்காது. ஆகவே இந்தத் தொகைக்கு ஏற்பாடு செய்யாமல் "பற்று தொடரும்" என்று விழாவில் சொல்லிவிடாதீர்கள். பெற்றோர் அந்தப் பணத்தை ஜூலை வரைக்கும் கைமாற்றாகக் கடையில் விட்டுவைத்து, எழுதி வைத்துக்கொள்ளலாம். விடைபெறும்போது பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பயனுள்ள பரிசு இது என்று நினைக்கிறேன்.

பிறகு அம்மாவும் மருமகளும் ஏப்ரல் முதல் வாரத்தில் அந்த வீடுகளுக்கு நேரிலேயே போய்வாருங்கள். கடைக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். "தடைக்காலப் பற்று வழக்கம்போல உண்டு. இவங்ககிட்ட சொன்னா போதும், இவங்களே எழுதுவாங்க. வரம்பு போன வருஷம் மாதிரிதான்." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. இதை மருமகள் முன்னால் அம்மா சொல்வதால், அந்த வீட்டுப் பெண்கள் அடுத்த முறை மருமகளிடம் கேட்கக் கூச்சப்பட மாட்டார்கள்.

தீபாவளிச் சீட்டு பிடிக்கிற கடையாக இருந்தால், சித்திரையில் அது பாதி வழியில் இருக்கும். ஒவ்வொரு அட்டையிலும் கட்டிய தொகையைச் சரிபார்த்து மகனின் கையெழுத்தைப் போட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு தொடர்வதா என்று ஆடிட்டரிடம் கேட்டு முடிவெடுக்கலாம்.

கடிதம்

ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு பில்லோடும் கொடுக்க ஒரு கடிதம். அரைப் பக்கத்துக்கு மேல் போனால் படிக்க மாட்டார்கள். இருவர் பெயரும், இருவர் கையெழுத்தும் வேண்டும். "குடும்பத்தினர்" என்று முடிக்காதீர்கள். மாதிரி இது:

"அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டு அடுப்படிக்கு இத்தனை ஆண்டு சாமான் கொடுக்கும் பேறு எங்களுக்குக் கிடைத்தது. வருகிற சித்திரை முதல் நாளோடு நாங்கள் இருவரும் ஓய்வு பெறுகிறோம். ஏப்ரல் 1 முதல் கடையை எங்கள் மகனும் மருமகளும் நடத்துகிறார்கள்.

பற்றுக் கணக்கு தொடரும், இனி நோட்டோடு பில்லிலும் ஏறும். மருமகள் பார்த்துக்கொள்வார். மாதச் சாமான் வழக்கம்போல வீட்டுக்கு வரும். கடை எண் மாறவில்லை. நமது ஆட்கள் அனைவரும் தொடர்கிறார்கள். பணம் அனுப்பும் கியூ.ஆர். மாறியிருக்கிறது. பழைய படத்தை அழித்துவிட்டுக் கடையில் உள்ள புதியதைப் பயன்படுத்தவும்.

உங்கள் கணக்கில் ஏதாவது சந்தேகம் இருந்தால் ஆனி மாதம் முடியும் வரை எங்களைக் கேட்கலாம்.

புயலிலும் வெள்ளத்திலும் கடை திறக்காத நாட்களில்கூட எங்களை விட்டுப் போகாதவர்கள் நீங்கள். நன்றி.

சித்திரை முதல் நாள் மாலை ஐந்து மணிக்குக் கடைக்கு வாருங்கள்."

இறுதியில் நன்றி கூறும் வரி ஊருக்கு ஊர் மாறும். கடலூர்க்காரர்களுக்கு 2004 சுனாமி, 2011 கடைசியில் அடித்த தானே புயல், 2015 வெள்ளம் எல்லாம் மறக்க முடியாதவை. அப்போது உங்கள் கடைக்கும் தெருவுக்கும் இடையில் உண்மையிலேயே நடந்தது ஏதாவது இருந்தால் அதை ஒரு வரியில் எழுதுங்கள். நடக்காததைச் சேர்க்காதீர்கள், தெருவில் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

அந்த மாலை

மண்டபம் பிடிக்க வேண்டாம். கடை வாசலில் ஒரு சின்னப் பந்தல், இருபது நாற்காலி. ஐந்து மணியிலிருந்து ஏழரை வரை வந்து போகட்டும். வெயில் காலம், நீர்மோரும் பானகமும் நிறைய வேண்டும். சுண்டல், கேசரி போதும். வருஷப் பிறப்பு என்பதால் வேப்பம்பூ மாங்காய்ப் பச்சடி ஒரு கரண்டி இருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க, கடைப் பெயரும் எண்ணும் அச்சடித்த மஞ்சள் துணிப்பை சரியான பொருள், மறுநாளிலிருந்து அதுதான் கடைக்கு வரும்.

ஆறு மணிக்குப் பேச்சு. முதலில் முதலாளி, ஐந்து நிமிடம். ஏழு வேலையாட்களையும் பெயர் சொல்லி, ஒவ்வொருவரும் செய்த ஒரு வேலையைச் சொல்லட்டும். "நல்லா உழைச்சாங்க" என்பது யாருக்கும் ஒட்டாது. "அரிசியைக் கையில அள்ளிப் பாத்தே பழசு புதுசு சொல்லிடுவாரு, நான் மண்டிக்குப் போறப்ப இவரைக் கேக்காம வாங்கினதில்ல" என்றால் அவர் மகள் அதை வீட்டில் போய்ச் சொல்வாள். பாக்கி வைத்தவர்கள், பழைய சண்டைகள், மகனின் படிப்பு, புது யோசனைகள், இவை நான்கும் வேண்டாம். மகனைப் புகழ்ந்தால் எதிர்பார்ப்பு ஏறும், ஆட்களுக்கும் சங்கடம். கடைசியில், "கொள்முதலும் கொடுக்கல் வாங்கலும் இன்னையிலேர்ந்து இவன் பொறுப்பு. நான் கேட்டாலும் இவன்கிட்ட கேட்டுச் சொல்றேன்னுதான் சொல்லணும்" என்று ஆட்களைப் பார்த்துச் சொல்லட்டும்.

பிறகு அம்மா. பேசிப் பழக்கமில்லை என்றால் உட்கார்ந்தபடியே பேசட்டும், தாளைப் பார்த்துப் படிக்கட்டும், ஆனால் அவரே பேசட்டும். "உங்க வீட்டுக் கணக்கு என் கையில இருந்துச்சு. கணக்கு மட்டுமில்ல, நீங்க எங்கிட்ட சொன்னதெல்லாம் எங்கிட்டயே இருக்கும், அது நோட்டுல இல்ல. இனிமே இந்த நோட்டு இவ கையில." பற்று வைக்கும் பெண்களுக்கு இந்த இரண்டாவது வரி மிக முக்கியம். வீட்டுக் கஷ்டத்தை இவரிடம் சொல்லி வாங்கியிருப்பார்கள். அது அடுத்தவர் காதுக்குப் போகவில்லை என்று அவர் வாயாலேயே கேட்பது நிம்மதி.

அப்போதே புதுக்கணக்கு. மஞ்சள் தடவிய நோட்டில் அம்மா பிள்ளையார் சுழி போட்டு, "லாபம்" என்று எழுதி, மருமகளிடம் கொடுக்கட்டும். மருமகள் அங்கே வந்திருக்கும் ஒரு மூத்த வாடிக்கையாளருக்கு முதல் பில் போடட்டும். மகன் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். முதல் உட்காரலில் எழுதிக்கொண்ட மாறாத மூன்றையும் மாறும் ஒன்றையும் அவர் வாயால் சொன்னால் போதும்.

வேலையாட்களுக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி வேட்டி அல்லது சேலை, ஒரே மாதிரி உறை. யாருக்காவது கூடுதலாகச் செய்ய வேண்டுமானால் முன்னமே வீட்டில் அழைத்துச் செய்திருக்க வேண்டும். அவர்கள் குடும்பத்தையும் அழையுங்கள், அன்று அவர்கள் பரிமாறக் கூடாது, உட்கார வேண்டும். பரிமாறுவது நீங்கள் இருவரும்.

அதற்குப் பிறகு

மறுநாள் காலை பழக்கத்தில் கால் கடைக்குத்தான் போகும். போகலாம், ஆனால் ஒரு மண்டலத்துக்குக் கல்லாப் பக்கம் உட்காராதீர்கள். முதலாளி அங்கே இருந்தால் எந்த வேலையாளும் பதில் சொல்லும் முன் அவர் முகத்தைத்தான் பார்ப்பார், வாடிக்கையாளர் விலையை அவரிடம்தான் பேசுவார். கைமாற்றம் நடக்கவில்லை என்பதற்கு இவைதான் அடையாளம். வாரம் ஒரு நாள் வீட்டுச் சாமான் வாங்க வாருங்கள், பில் போட்டுப் பணம் கொடுத்து வாங்குங்கள்.

அம்மாவுக்கு விதி வேறு. பற்றுக் கணக்கில் தகராறு வந்தால் மருமகள் அவரை அழைக்கலாம், ஆனால் அம்மா நேரடியாக வாடிக்கையாளரிடம் முடிவு சொல்லாமல், தனக்குத் தெரிந்ததை மருமகளிடம் சொல்ல வேண்டும், முடிவை மருமகள் சொல்வார். ஆனி முடியும் வரை என்று கடிதத்தில் போட்டதற்குக் காரணம் உண்டு. ஜூன் 14-க்குப் பிறகு படகுகள் கடலுக்குப் போகும், தடைக்காலப் பாக்கி வரத் தொடங்கும். அந்த முதல் சுற்று வசூல் முடியும்போது எல்லா வீட்டுக் கணக்கும் ஒரு முறை புதுக் கையில் ஓடி முடிந்திருக்கும்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் அப்பாவும் மகனும் பழைய நடப்புக் கணக்கின் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பழைய கியூ.ஆர். வழியாக இன்னும் பணம் வருகிறதா, எந்த வீடுகளிலிருந்து வருகிறது என்று குறித்து, அந்தத் தொகையை மகன் கணக்குக்கு மாற்றி, மருமகள் நோட்டில் வரவு வைத்து, அந்த வீடுகளுக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து புதிதாக எதுவும் வராமல், கொடுத்த காசோலைகள் எல்லாம் கடந்து, GSTR-10 தாக்கலும் முடிந்த பிறகு அந்தக் கணக்கை மூடிக்கொள்ளலாம்.